மணியின் வருடக் கணக்கு

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் காலை பத்தரை மணிக்குத்தான் நிம்மதியாக உட்கார முடியும். பசியாற வந்த கூட்டம் கலைந்திருக்கும், பிரியாணிக்கு வரிசை பிடிக்கும் கூட்டம் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் எங்கள் புளோக்கின் ஏழாவது மாடித் தம்பி எனக்கு ஒரு தே ஹாலியாவும் தனக்கு ஒரு தே ஓ கோசோங்கும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நாய் வளர்க்கப் போகிறானாம். கைபேசியில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். மாதம் 100 வெள்ளி.

"இது போதும் இல்லக்கா?"

எங்கள் வீட்டு மணிக்கு இப்போது ஏழு வயது. 16 கிலோ, செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். தெருநாய் வழி வந்த கலப்பினம். ஊரில் நாட்டு நாய் என்போம், இங்கே சிங்கப்பூர் ஸ்பெஷல் என்கிறார்கள். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வைக்கலாம், அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். 2012இல் வந்த அடோர் திட்டத்துக்குப் பிறகுதான், உயர வரம்புக்குள் உள்ள, காப்பகத்திலிருந்து தத்தெடுத்த கலப்பின நாய்களுக்கும் வீவக வீட்டுக் கதவு திறந்தது. மணி அப்படி வந்தவன். அவன் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ரசீதையும் நான் ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். கணக்கு எழுதும் வேலையில் இருபது வருடம் இருந்தவளுக்கு அது கைப்பழக்கம். அன்றைக்கு அந்த நோட்டும் பையில்தான் இருந்தது.

"போதாது தம்பி. ஆனா ஏன் போதாதுன்னு நீயே போட்டுப் பாரு. முதல்ல சாப்பாடு."

நாயின் சாப்பாட்டுச் செலவைப் பெரும்பாலும் மூட்டை விலையை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். மூட்டை எத்தனை நாள் வரும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, நாயின் எடைதான் சொல்லும். கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்க வேண்டும். சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு அதற்குத் தேவைப்படும் கலோரி அது. முக்கால் அடுக்கு என்றதும் தம்பி முகம் சுருங்கியது. கைபேசிக் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, வந்த எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் அவ்வளவுதான். மணிக்கு 16. வர்க்கமூலம் 4. இன்னொரு தடவை அழுத்தினால் 2. இரண்டு இரண்டு நாலு, நாலு இரண்டு எட்டு. எட்டை 70ஆல் பெருக்கினால் 560.

கருத்தடை செய்த, நாளுக்கு இரண்டு நடை போகிற வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்குவார்கள். 896 கலோரி. நாள் முழுக்க குளிர்சாதன அறையில் தூங்குகிற நாய் என்றால் 1.4 போதும். மணியின் உலர் தீவன மூட்டையின் பின்பக்கம் கிலோவுக்கு 3,600 கலோரி என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 249 கிராம், வருடத்துக்கு ஏறக்குறைய 91 கிலோ. நான் வாங்கும் தீவனம் கிலோ 12 வெள்ளி. ஆக 1,090 வெள்ளி சாப்பாட்டுக்கு மட்டும்.

"அதுவே மாசம் தொண்ணூறு ஆச்சே" என்றான் தம்பி.

ஆச்சு. மலிவான தீவனம் வாங்கினால் குறையாதா என்று கேட்டான். குறையும், ஆனால் மூட்டை விலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மலிவான தீவனத்தில் கிலோவுக்குக் கலோரி குறைவாக இருந்தால் கிண்ணத்தில் கூடுதலாகப் போட வேண்டிவரும். ஒப்பிட வேண்டியது ஆயிரம் கலோரி என்ன விலை என்பதை. நான் இன்னொன்றும் செய்கிறேன். புது மூட்டையைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன். 11 கிலோ மூட்டை 44 நாள் வர வேண்டும். ஒரு தடவை 31 நாளில் தீர்ந்துவிட்டது. விசாரித்தால் காலையில் நான் போட்டது போக, மத்தியானம் என் மாமியாரும் ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மணியின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல் முட்டிகளைத் தடவினால் எலும்பு எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான் நாயின் விலா தெரிய வேண்டும்.

வீட்டுச் சோறே போட்டுவிடலாமே என்று நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் எது? இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அந்தப் பேச்சை அன்றைக்கு நான் நீட்டவில்லை.

அடுத்தது ஊசி. தம்பி இதற்குத்தான் பெரிய தொகை ஒதுக்கியிருந்தான், வருடம் 400. தடுப்பூசி உண்மையில் சின்னச் செலவு. குட்டியாக இருக்கும்போதுதான் அடுக்கடுக்காக வரும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை. ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையே அடித்துப் போட்டுவிடும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் தீர்ந்த உடனே பிடிக்க வேண்டும் என்று தொடர்ந்து போடுகிறார்கள். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் காப்பகமே பெரும்பாலும் இதை முடித்துத்தான் கொடுக்கும். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ ஆகிய மூன்றுக்கும் வளர்ந்த நாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும் என்பது உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். ஆனால் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோவுக்கான ஊசி ஒரு வருடம்தான் தாங்கும். பஃபலோ ரோட்டின் பின்சந்துகளில் மழை நாளில் நாயை நடத்திப் போகிறவள் நான், அதைத் தள்ளிப்போட மாட்டேன். பரிசோதனையும் ஊசியும் சேர்த்து எனக்கு வருடம் 130 வெள்ளி ஆகிறது.

"வெறிநாய் ஊசி?"

ஊர்க்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூரில் 1953இலிருந்து வெறிநோய் இல்லை. அதனால் இங்கேயே இருக்கும் நாய்க்கு அது வழக்கமான ஊசி அல்ல. நாயை ஊருக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவர நினைத்தால் கதை வேறு. ஊசி, இரத்தப் பரிசோதனை, அனுமதி, வந்ததும் தனிமைப்படுத்தல் என்று அது ஒரு தனி வருடச் செலவு.

இங்கே ஊசியை விடப் பெரிய செலவு கொசுவும் உண்ணியும். இதைத்தான் தம்பி எழுதவே இல்லை. கொசு கடித்தால் நாயின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவில் உள்ள இரத்தக் குழாயில் நூல் நூலாகப் புழு வளரும். உண்ணி கடித்தால் இரத்தத் தட்டணுக்கள் விழுந்து ஈறில் இரத்தம் கசியும் உண்ணிக் காய்ச்சல். குளிர் நாடுகளில் கொசு இல்லாத மாதங்களில் சிலர் மருந்தை நிறுத்திவைப்பார்கள். நமக்கு அந்த விடுமுறை கிடையாது, பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். மணியின் எடைக்கு இரண்டையும் தடுக்கும் மாத்திரை மாதம் 28 வெள்ளி, வருடம் 336. நடுவில் இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டால், மறுபடி தொடங்கும் முன் புழு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இதைச் சேமிப்பு என்று நினைத்து விடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: புழுவுக்கான சிகிச்சை மாதக்கணக்கில் நடக்கும், நாயை ஓடவிடாமல் கட்டியே வைத்திருக்க வேண்டும், செலவு ஆயிரங்களில்.

உரிமம் இருக்கவே இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவைக்கு வருடத்துக்குக் கட்ட வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

முடி வெட்டு, குளியல், நகம் இதையெல்லாம் நாயைத் தேர்ந்தெடுக்கும் அன்றே தீர்மானித்துவிடுகிறோம். மணிக்குக் குட்டை முடி. குளியலறையில் நானே குளிப்பாட்டி விடுவேன், நகம் வெட்டவும் காது துடைக்கவும் மட்டும் கடைக்குப் போவேன், வருடம் 120 வெள்ளி. எங்கள் எதிர்வீட்டில் பூடில். அதன் முடி உதிராது, வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டாவிட்டால் தோலோடு சடைபிடித்துப் புண்ணாகும். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு 90 வெள்ளி, வருடம் பத்துத் தடவை. 900 வெள்ளி. மணியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், முடிச்செலவு ஏழரை மடங்கு.

தம்பி தே ஓவைப் பாதி குடித்திருந்தான். இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா என்றான். "பொங்கலுக்கு ஊருக்குப் போறியா?" என்றேன். போகிறான், மூன்று வாரம், மன்னார்குடி. மனைவியும் வருகிறாள்.

"நாய்?"

அந்த இடத்தில்தான் நம் கணக்குகள் எல்லாம் உடையும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அத்தை வீடு, சித்தி வீடு என்று விட்டுப்போக இடம் இருக்கும். வேலைக்கு வந்த குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்? நாய் விடுதியில் ஓர் இரவுக்கு 45 வெள்ளி என்று வைத்தால் 21 இரவுக்கு 945. பண்டிகை நாளில் விலை ஏறும், இடமும் கிடைக்காது, மூன்று மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மணியின் சாப்பாட்டுக்கு ஒரு வருடம் ஆகும் தொகை, கிட்டத்தட்ட, மூன்று வாரத்தில். தம்பி அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒழுங்காக வரும் செலவு. தேதி தெரியும், தொகை தெரியும். நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தேன்.

மணிக்கு நான்கு வயதாக இருந்தபோது, ஒரு மே மாதம். தேக்கா ஈரச்சந்தையில் இந்திய மாம்பழம் பெட்டி பெட்டியாக இறங்கும் காலம். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பழம் சாப்பிட்டோம். கொட்டைகளைக் குப்பைப் பையில் போட்டுச் சமையலறைக் கதவோரம் வைத்தேன். காலையில் பை கிழிந்திருந்தது. தோல்கள் சிதறிக் கிடந்தன. கொட்டைகளை நான் எண்ணவில்லை. மணியைத் திட்டிவிட்டுத் தரையைத் துடைத்தேன்.

ஞாயிறு முழுக்க அவன் நன்றாகத்தான் இருந்தான். கொட்டை வயிற்றில் சும்மா உட்கார்ந்திருக்கும் வரை நாய்க்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். திங்கள் காலை ஒரு தடவை வாந்தி எடுத்தான். வயிறு சரியில்லை என்று தீவனத்தை நிறுத்திச் சோற்றுக் கஞ்சி கொடுத்தேன், அதையும் எடுத்தான். செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடித்தாலே வாந்தி. முதுகை வில்லாக வளைத்து நின்றான். வெளிக்கு இருந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. உணவும் தண்ணீரும் இரண்டும் தங்காமல், மலமும் போகாமல், வயிற்றைத் தொட்டால் நாய் இறுகினால், அது அஜீரணம் அல்ல, அடைப்பு. அப்போது மணி இரவு பதினொன்றரை.

எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாயைத் தவிர வேறு நாயை ஏற்ற மாட்டார்கள். டாக்சியில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். முதலாமவர் முடியாது என்றார், இரண்டாமவர் பெரிய துண்டை விரித்துப் படுக்க வைக்கச் சொன்னார். இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனைக்குப் போய்ச் சேர பன்னிரண்டேகால்.

அந்த ரசீதைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தேன். இரவு நேர ஆலோசனை 200. இரத்தப் பரிசோதனை 280. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் 320. மாங்கொட்டை எலும்பு மாதிரி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது, அடைப்புக்கு முன்னால் காற்று ஊதிப்போன குடல்தான் தெரியும். சந்தேகம் தீர ஸ்கேன் வேண்டியிருந்தது. மயக்க மருந்தும் அறுவைச் சிகிச்சையும் 2,700. இரண்டு இரவு தங்கல் 900. மருந்து 200. கூட்டினால் 4,600. அதன் மேல் இப்போதைய 9 விழுக்காடு பொருள் சேவை வரியைப் போட்டால் 5,014 வெள்ளி. அறுவைக்கு முன்பே பாதிக்கு மேல் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அட்டையில் தொகை இல்லாதவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதையும் அந்த வரவேற்பறையில் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை காலையிலேயே போயிருந்தா?" என்றான் தம்பி. சரியான கேள்வி.

விழுங்கி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மருத்துவருக்கு ஃபோன் அடித்திருந்தால், கொட்டை இன்னும் இரைப்பையிலேயே இருந்திருக்கும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள் சிலர், மாங்கொட்டைக்கு அது ஆபத்து. ஏறி வரும்போது உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். மருத்துவர் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய்க் கருவி விட்டுக் கவ்வி எடுக்கப் பார்த்திருப்பார். வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்திருக்காது. திங்கள் பகலில் போயிருந்தாலும் ஆலோசனைக் கட்டணம் இரவு விலையில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கொட்டை அழுத்திய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகியிருக்கும். அந்தத் துண்டையே வெட்டி இணைக்க வேண்டும், தங்கல் ஒரு வாரம், தொகை இரட்டிப்பு, பிழைப்பதும் நிச்சயமில்லை. அவசரச் செலவில் வியாதியை விட நேரத்துக்குத்தான் விலை அதிகம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மாம்பழம் சாப்பிட்டால் கொட்டைகளை எண்ணிக் கட்டி, உடனே குப்பைக் குழாயில் போட்டுவிடுகிறோம்.

இந்தத் தொகையை வருடக் கணக்கில் எப்படி எழுதுவது? பத்து வருடத்தில் இப்படி ஒரு தடவை வரும் என்று வைத்துக்கொண்டால் வருடம் 500 ஆகிறது, விலையேற்றத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 600 என்று எழுதலாம். காகிதத்தில் அது சரி. ஆனால் மாதம் 50 வெள்ளி சேர்க்கிறவனுக்கு ஐந்தாவது மாதம் அடைப்பு வந்தால் கையில் 250தான் இருக்கும். தீவனச் செலவு மாதா மாதம் பங்கு பிரித்து வரும், அறுவைச் செலவு ஒரே இரவில் வரும். அதனால் நாய் வீட்டுக்கு வரும் முன்பே ஒரு தனிக் கணக்கில் 3,000 வெள்ளி கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. மாதம் போடும் 50 அதன் மேல் சேர வேண்டும்.

காப்புறுதி எடுக்கலாமே என்றான். எடுக்கலாம், சின்ன வயதிலேயே எடுக்க வேண்டும். ஏற்கெனவே வந்த வியாதியை அவர்கள் சேர்க்க மாட்டார்கள், வயது ஏறினால் புதிதாகச் சேர்க்கவும் மாட்டார்கள். பத்திரத்தில் மூன்று இடத்தைத் தேடிப் படி என்றேன்: ஒரு அறுவைக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஒவ்வொரு ரசீதிலும் நம் பங்கு எத்தனை விழுக்காடு, சேர்ந்து எத்தனை நாள் கழித்துப் பயன் தொடங்கும். அதோடு, பெரும்பாலும் நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். அந்த நள்ளிரவு முன்பணத்தைக் காப்புறுதி கட்டாது.

பல்லையும் ஒரு வரியில் சொன்னேன். மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 700 வெள்ளி, ஆக வருடம் 350.

கூட்டச் சொன்னேன். சாப்பாடு 1,090, பரிசோதனையும் ஊசியும் 130, கொசு உண்ணி மருந்து 336, உரிமம் 15, நகம் காது 120, விடுதி 945, பல் 350, அவசரம் 600. தம்பியின் கைபேசி 3,586 என்றது. மாதம் 299. அவன் எழுதி வந்ததைப் போல மூன்று மடங்கு. இதிலும் பொம்மை, கழுத்துப்பட்டை, முதல் வருடப் பயிற்சி வகுப்பு எதுவும் இல்லை. மணிக்குப் பத்து வயது தாண்டினால் சிறுநீரகம், மூட்டு என்று இன்னொரு பக்கம் திறக்கும், அதற்கு இன்னும் நான் கோடு போடவில்லை.

பிரியாணிக் கடைக்கு முன்னால் வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது. யாரோ எங்கள் மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போனார். தம்பி எழுந்திருக்கவில்லை.

"அக்கா, காப்பகத்துல நாங்க பாத்தது பொட்டை. பன்னெண்டு கிலோதான்."

"போட்டுப் பாரு."

வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினான். 1.86 என்று வந்தது. மூன்று தடவை எழுதிப் பெருக்கினான், உதடு அசைந்தது. "ஆறரைக்குக் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுபதைத் தட்டினான்.